அண்ணனின் நன்றிப் பக்கம்

எங்க அண்ணன் கெட்டவர்னு யாராவது சொன்னா நான் சண்டைக்குப் போவேன். அதை முதல்லயே சொல்லிடறேன், அப்புறம் மீதியைக் கேளுங்க.

அவர் காபிக்கொட்டை வறுத்து மொத்தமா விக்கறவர். ஊர்ல பாதிக் கடைகளுக்கு அவர் மூட்டைதான் போகும். அதுல ஒண்ணு எங்க கடை. என் வீட்டுக்காரர் கல்லாவுல உட்காருவார், நான் அரவை மெஷின் பக்கம் நிப்பேன். மூட்டையில அண்ணன் பேர் இருக்காது, வெறும் சாக்குதான். கொட்டையை அரைச்சு எங்க கடைப் பேர் போட்ட கவர்ல கட்டிக் கொடுப்போம். வாசனை தெருமுனை வரைக்கும் போகும். "வறுவல் உங்களோடதா?"ன்னு யாராவது கேட்டா இவர் ஒரு சிரிப்பு சிரிப்பார். ஆமான்னும் எடுத்துக்கலாம், இல்லைன்னும் எடுத்துக்கலாம். வருஷம் போகப் போக அந்தச் சிரிப்பு பத்தலை போலிருக்கு, "எல்லாம் கைப்பக்குவம்மா, வெளியில சொல்றதுக்கில்லை"ன்னு வாயைத் திறந்தே சொல்ல ஆரம்பிச்சுட்டார். அதைக் கேக்கறப்போ எனக்குச் சிரிப்பா வரும். ஆனா மனுஷன் முகத்துல ஒரு பெருமை தெரியுமே, அதைக் கெடுக்க எனக்கு மனசு வந்ததில்லை.

எதிர்க்கடைக்கும் அதே மூட்டைதான். அது எங்களுக்குத் தெரியும், அவங்களுக்கும் தெரியும், குடிக்கறவங்களுக்கு மட்டும் தெரியாது. தையல்காரம்மா எதிர்க்கடைக் காபியை வாயில வைக்க முடியலைன்னு சத்தியம் பண்ணுவாங்க. கணக்கு வாத்தியார் எங்க காபியைக் குடிச்சா நெஞ்சு எரியுதுன்னு எதிர்க்கடைக்குப் போவார். ரெண்டும் ஒரே டிரம்ல ஒரே நாள் வறுத்தது! அண்ணன் வீட்டுக்கு வர்றப்போ இதைச் சொல்லிச் சொல்லி நாங்க வயிறு வலிக்கச் சிரிச்சிருக்கோம்.

ஒருநாள் ஒரு பெரிய கடை அண்ணன்கிட்ட வாங்கறதை நிறுத்திட்டு வேற ஆள்கிட்ட வாங்க ஆரம்பிச்சது. அதே கவர், அதே விலை. குடிக்கறவங்க ஒருத்தரும் கவனிக்கலை. அண்ணன் இடிஞ்சு போயிட்டார். ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுல சாப்பிட உட்கார்ந்தப்போ சொன்னார்: "என் காபியைக் குடிக்கற ஒரு ஆளுக்கும் என்னைத் தெரியாது. நாளைக்கு எல்லாக் கடையும் வேண்டாம்னு சொல்லிட்டா, என்னைத் தேட ஒருத்தர் இருக்க மாட்டாங்க. நானே பாக்கெட் போடப் போறேன். என் பேர்ல. வெப்சைட்ல நேரா விக்கப் போறேன்."

எனக்குச் சுர்ருனு ஏறிடுச்சு. "அப்போ எங்களை மாதிரிக் கடைக்காரங்க வயித்துல அடிக்கப் போறியா?"

"அவசரக் குடுக்கை, முழுசாக் கேளு"ன்னார் அண்ணன். எல்லாத்தையும் யோசிச்சுத்தான் வந்திருந்தார். மூட்டை வியாபாரம் அப்படியே நடக்கும். பாக்கெட் முதல்ல கடைகளுக்கு வரும், அதுக்கப்புறம்தான் வெப்சைட்டுக்கு. கடையில என்ன விலையோ அங்கேயும் அதே விலை. தள்ளுபடி, ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசம், அந்த வேலையெல்லாம் கிடையாது. ஒரு கடைக்குப் பக்கத்துல இருக்கறவங்க ஆர்டர் போட்டா, அந்தக் கடையிலயே வந்து வாங்கிக்கலாம். கடைக்காரர் தன் கையால வித்திருந்தா என்ன கிடைக்குமோ அது முழுசா அவருக்குப் போயிடும்.

இவர் எங்கே மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கப் போறாரோன்னு பயந்துட்டே இருந்தேன். "மச்சான் ஒண்ணையும் விடாம யோசிச்சிருக்கார்"னு சொல்லி இவரே அண்ணன் தட்டுல இன்னொரு கரண்டி சாதம் வெச்சார். அப்பாடான்னு இருந்தது.

அண்ணனுக்கு அந்தக் குஷியில ஒரு யோசனை வந்தது. "மாப்பிள்ளை, வெப்சைட்ல எல்லாக் கடைப் பேரையும் போட்டுடறேன். போட்டோவோட. என்னைத் தேடி வர்றவங்க உங்ககிட்டதான் வரணும்."

"தாராளமாப் போடுங்க"ன்னார் இவர். நானும்தான் தலையை ஆட்டினேன். பாக்கெட் எங்கே கிடைக்கும்னு போடுவார்னு நாங்க நினைச்சோம். அண்ணன் மனசுல இருந்தது வேற. கேக்கணும்னு மூணு பேர்ல ஒருத்தருக்கும் தோணலை. சாப்பாட்டு மயக்கம், வேறென்ன சொல்ல!

போட்டோ எடுக்க ஆள் வந்தப்போ இவர் புதுச்சட்டை போட்டுக்கிட்டு, தலையை வாரிக்கிட்டு, அரவை மெஷின் மேல கையை வெச்சு நின்னார். எப்பவும் நான் நிக்கற இடம், அன்னிக்கு மட்டும் அவருக்கு. போகட்டும்னு விட்டுட்டேன்.

வெப்சைட் திறந்த அன்னிக்குக் காலையில போன்ல பார்த்தேன். முதல் பக்கத்துலயே எங்க கடை. போட்டோவுல இவர் ராஜா மாதிரி இருந்தார். மேல பெரிசா எழுதியிருந்தது: "இத்தனை வருடமாக எங்கள் காபியை உங்கள் வீடு வரை கொண்டுவந்த கடைகளுக்கு நன்றி. இவர்கள் கவரில் கட்டித் தருவதும் எங்கள் வறுவல்தான்." அதுக்குக் கீழே வரிசையா எல்லாக் கடையும். எங்க கடைக்கு அடுத்த படமே எதிர்க்கடை.

போனை இவர்கிட்ட நீட்டினேன். படிச்சார். மறுபடியும் படிச்சார். போய்க் கல்லாவுல உட்கார்ந்துட்டார்.

முதல்ல வந்தது கணக்கு வாத்தியார். கடை வாசல்ல நின்னுக்கிட்டே, "அப்போ எனக்கு எதனாலய்யா நெஞ்செரிச்சல்?"னு கேட்டார். கடையில இருந்தவங்க எல்லாம் கொல்லுனு சிரிச்சாங்க. வேற நாளா இருந்தா நானும் சிரிச்சிருப்பேன். அடுத்து தையல்காரம்மா. அவங்க வந்து சண்டை போட்டிருந்தாக்கூடப் பரவாயில்லை. "எல்லாரும் பிழைக்கணும் இல்லையாப்பா, நான் தப்பா நினைக்கலை"ன்னு இவர்கிட்ட மெதுவா, குழந்தைக்குச் சொல்ற மாதிரி சொன்னாங்க. கவரை வாங்கிக்கிட்டுப் போனாங்க. இவர் தலை நிமிரலை. மனுஷனை அப்படி நான் பார்த்ததே இல்லை.

மத்தக் கடைக்காரங்க எல்லாம் அண்ணனைப் போன்ல பிடிபிடின்னு பிடிச்சிருக்காங்க. மத்தியானம் ஓடி வந்தார், சட்டையெல்லாம் வேர்வை. "நன்றி சொல்லத்தானே போட்டேன் மாப்பிள்ளை? உங்க வியாபாரத்தை நான் எடுத்துக்கலைன்னு காட்டத்தானே போட்டேன்?"

"நீ காட்டினது வேற அண்ணா"ன்னேன். "விலையைப் பார்த்தே, கமிஷனைப் பார்த்தே. அவங்க இத்தனை நாளா என்ன சொல்லி வித்தாங்கன்னு பார்த்தியா?"

அண்ணன் துண்டை எடுத்து முகத்தைத் துடைச்சுக்கிட்டார். பாவம், நிஜமாவே அது அவர் மனசுல தட்டலை. அவருக்குக் கொட்டை தெரியும், தீ தெரியும், யார்கிட்டயும் எதையும் மறைக்கத் தெரியாது.

அன்னிக்கே அந்தப் பக்கத்தை எடுத்துட்டார். அப்புறம் கடை கடையா ஏறி இறங்கினார். பாக்கெட்டுக்குத் தனி வறுவல், மூட்டைக்குப் பழைய வறுவல், ரெண்டும் இனி ஒண்ணா இருக்காது. கடைக்காரர் வாய்விட்டுச் சரின்னு சொன்னாத்தான் அவர் பேர் வெப்சைட்ல வரும், அதுவும் பாக்கெட் கிடைக்கற இடம்னு மட்டும். மூட்டை எங்கே போகுதுன்னு அண்ணன் வாயில இருந்து ஒரு வார்த்தை வராது. ஒவ்வொருத்தரா இறங்கி வந்தாங்க. எதிர்க்கடைக்காரர் கெட்டிக்காரர், "தெரிஞ்சது தெரிஞ்சு போச்சு, இனி எதுக்கு மறைக்கணும்?"னு அண்ணன் பேரைப் பலகையில எழுதி வாசல்லயே மாட்டிட்டார். வெப்சைட்ல ஆர்டர் போட்டவங்க அங்கே வந்து பாக்கெட்டை வாங்கிக்கிட்டு, அப்படியே வீட்டுக்கு வேணும்கற மத்த சாமானும் வாங்கிட்டுப் போறாங்க. அண்ணன் நினைச்ச மாதிரியே எல்லாம் நடந்தது, எதிர்க்கடையில.

இவர் மட்டும் வந்த மூட்டையைப் பிரிக்காமத் திருப்பி அனுப்பிட்டார்.

"அண்ணன் மேல கோவமா?"ன்னு கேட்டேன்.

"கோவம் இருந்தாத் திட்டித் தீர்த்திருப்பேன். வெட்கமா இருக்கு. உங்க அண்ணன் மூட்டையைப் பார்த்தாலே வெட்கமா இருக்கு."

பச்சைக் கொட்டை வாங்கினார். சின்னதா ஒரு வறுக்கற மெஷின் வாங்கிக் கடைக்குப் பின்னாடி ரூம்ல வெச்சார். முதல் தடவை புகை வந்த வேகத்துல மேல் வீட்டுக்காரங்க குழந்தைகளைத் தூக்கிக்கிட்டுத் தெருவுக்கு வந்துட்டாங்க. கொட்டை வெளியில கரி, உள்ளே பச்சை. "தீயை அணைச்சுட்டு வேற பிழைப்பு பாருங்க"ன்னு கத்தினேன். கேட்டாத்தானே! காலையில வறுப்பார், அரைப்பார், குடிப்பார், கீழே கொட்டுவார். கொஞ்சம் கொஞ்சமாப் பழகினார். குடிக்கற மாதிரி ஆச்சு. ஆனா அண்ணன் காபியைக் குடிச்ச நாக்குக்கு அது எந்த மூலைக்கு?

வழக்கமா வர்றவங்க தாட்சண்யத்துக்காகக் கொஞ்சம் வாங்கினாங்க, அப்புறம் அதுவும் குறைஞ்சது. ஒருநாள் தையல்காரம்மா எதிர்க்கடையில இருந்து வெளியில வந்தாங்க, கையில அண்ணன் பாக்கெட். என்னைப் பார்த்ததும் அதைப் பைக்குள்ள அவசரமாத் திணிச்சாங்க. நான் பார்க்காத மாதிரி மெஷினைத் துடைச்சேன். பாக்கெட்டுல எங்க அண்ணன் பேர் அச்சுல அழகா இருந்தது. பெருமைப்பட வேண்டிய தங்கச்சி நான்.

போன வாரம் அண்ணன் வந்தார். ரொம்ப நாள் கழிச்சு. இவரே எழுந்து போய்க் காபி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். அண்ணன் ஒரு வாய் குடிச்சார். எனக்கு அந்த முகம் தெரியும், சின்ன வயசுல இருந்து பார்க்கறேன். முழுங்கவே கஷ்டப்பட்டார்.

"நல்லா இருக்கு மாப்பிள்ளை"ன்னார்.

"மச்சான், உங்களுக்குப் பொய் சொல்ல வராது. வந்திருந்தா அந்தப் பக்கத்தை எழுதியிருக்கவே மாட்டீங்க. என்னன்னு சொல்லுங்க."

அண்ணன் டம்ளரைக் கீழே வெச்சார். "தீ ஜாஸ்தி. கொட்டை படபடன்னு வெடிக்கறதுக்கு முன்னாடியே நீங்க அவசரப்பட்டு இறக்கிடறீங்க. ஒரு நாள் என்கூட இருங்க, நான் சொல்லித் தர்றேன். ரெண்டு தடவை வறுத்தா உங்களுக்குக் கைக்கு வந்துடும்."

எனக்கு உயிரே வந்த மாதிரி இருந்தது. சரின்னு சொல்லுங்க, சரின்னு சொல்லித் தொலைங்கன்னு மனசுக்குள்ள கும்பிட்டேன்.

இவர் கோவமே இல்லாமச் சொன்னார்: "வேண்டாம் மச்சான். நீங்க சொல்லிக் கொடுத்தா, அப்புறம் இதுவும் உங்க காபி ஆயிடும்."

அண்ணன் மீதியை மடமடன்னு குடிச்சு முடிச்சார். கடையில ஆள் வந்தாங்கன்னு இவர் எழுந்து போயிட்டார். நான் அண்ணனை வழியனுப்ப வண்டி வரைக்கும் போனேன். எதிர்க்கடை வாசல்ல நாலு பேர் பாக்கெட்டுக்கு நின்னுட்டிருந்தாங்க, அதுல ஒருத்தர் அண்ணனை அடையாளம் கண்டு கையை ஆட்டினார். முகம் தெரியாத ஆளா இருந்தவரை இப்போ தெருவுல கூப்பிட்டு வணக்கம் சொல்றாங்க. அண்ணன் பதிலுக்குக் கையைத் தூக்கினார். அப்படியே என் பக்கம் திரும்பி, "ஒரு கடைகூடப் போகாம எல்லாரையும் பிடிச்சு வெச்சுட்டேன்னு உங்க அண்ணி எல்லார்கிட்டயும் சொல்றா"ன்னார். "உன் கடை போனதை எண்ணிக்கவே அவளுக்குத் தோணலை பாரு."

சொல்லி முடிக்கறதுக்குள்ள அழுதுட்டார், தெருன்னும் பார்க்காம.