கவிழ்த்து வைத்த மட்டைகள்

வெங்கிடாசலம் கனவில்கூட மாலை போட்டுக்கொண்டுதான் வருவார். மட்டாஞ்சேரியின் மத்தியான வெயில் ஓடுகளின் மேல் படுத்துக் கண்ணயர்ந்திருக்கும். பழைய கிடங்குகளிலிருந்து மிளகு நெடியை உப்புக்காற்று மெல்லத் தூக்கி வரும். அந்த நேரம் பார்த்து, சாய்வு நாற்காலியில் கிடந்த அவருக்குள் சந்து முழுக்கப் பளிச்சென்று விடியும். கனகாம்பாள் ஆட்டோவிலிருந்து இறங்குவாள். அவர் கைகூப்பி வரவேற்பார். எங்கிருந்தோ யாரோ போட்டோ எடுப்பார்கள்.

கண்ணைத் திறந்தால் கனகாம்பாள் இல்லை. திருப்பூணித்துறையில், தங்கை வீட்டில் இருக்கிறாள்.

போனதற்குக் காரணம், வீட்டுக்குப் பின்னாலிருந்த தென்னந்தோட்டம். ஓலையோ மட்டையோ விழுந்து கிடந்தால் வெங்கிடாசலத்துக்குச் சோறு இறங்காது. பாங்கில் மேனேஜராக இருந்த காலத்திலேயே மேஜைமேல் தூசி பொறுக்க மாட்டார். விழுந்த ஓலை, உரித்த மட்டை, துருவி முடிந்த சிரட்டை எல்லாவற்றையும் கூட்டிக் காலையில் தீ வைப்பார். புகை நேராக அடுக்களைக்குள் வரும். கனகாம்பாளுக்கு ஏற்கெனவே இழுப்பு. இருமி இருமிக் களைத்தவள் ஒருநாள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

"அங்கே புகை நின்னா சொல்லுங்கோ. அன்னிக்கே மெட்ரோ ஏறி வந்துடறேன்" என்றாள். சண்டை போட்டிருந்தால்கூட அவர் சமாளித்திருப்பார். அவள் சாந்தமாகச் சொல்லிவிட்டுப் போனதுதான் உறுத்தியது.

புகையை நிறுத்தத் தீ வைக்காமல் இருந்தால் போதும். ஆனால் சந்துக் குடியிருப்போர் சங்கத்துக்குப் போட்டியின்றித் தலைவராக இருக்கிற ஒருவர் ஒரு காரியத்தைச் சும்மா செய்யாமல் இருந்துவிட முடியுமா? 'பசுமை மறுமலர்ச்சி இயக்கம்' பிறந்தது. ஃப்ளெக்ஸ் அடித்தாயிற்று. அதில் தென்னைமரம் கொஞ்சமாகவும் வெங்கிடாசலம் நிறையவும் இருந்தார்.

அடுத்த வீட்டு மஞ்சுஷா மொட்டைமாடியில் ஆர்க்கிட் வளர்த்து விற்பவள். அவளை அழைத்து ஆலோசனை கேட்டார். அதாவது, தாம் முடிவு செய்ததைச் சொன்னார்.

"ஒரு பழைய டிரம்ல சிரட்டையைப் போட்டுக் கரி பண்ணிக் காட்டப்போறேன். எல்லாரும் பார்க்க."

"கரி எனக்கும் வேணும் மாமா, தொட்டிக்குப் போட. ஆனா அதுவும் மொதல்ல நல்லா புகையுமே. சிரட்டையைச் சேர்த்து வச்சா, லாரி வச்சிருக்கிற சஜி சேட்டன் ஆலுவா பக்கம் கரிச்சூளைக்குக் கொண்டுபோவாரு. மட்டையையும் நார் மில்லுக்கு அவரே எடுப்பாரு. இங்கே எதுக்குத் தீ?"

"விளக்கேத்தாம எந்த ஃபங்ஷன்டி ஆரம்பிச்சிருக்கு நம்மூர்ல? அந்தச் சுடராலேயே டிரம்முக்கும் தீ வைக்கறேன். பார்க்க எப்படி இருக்கும்."

"ஷெரி. வெள்ளைப்புகை அடங்கினதும் மூடியைப் போட்டு மண்ணால அடைச்சிடணும். காத்து உள்ளே போகக்கூடாது. அப்புறம் மறுநாள்தான் திறக்கணும்."

"என்னோட பிரசங்கம் இருக்கே. அதுக்குள்ள ஆறிடும்."

அவருடைய பிரசங்கத்தை முன்பே கேட்டவள் என்பதால் அது நடக்காத காரியம் என்று மஞ்சுஷாவால் சொல்ல முடியவில்லை.

கனகாம்பாளுக்குப் போன் செய்தார். "ஞாயித்துக்கிழமை வா. புகைக்கு முடிவுவிழா."

"விழாவெல்லாம் எதுக்குன்னா? புகை இல்லேன்னா போறுமே."

"நீ முன்வரிசை."

ஞாயிற்றுக்கிழமை காலை தோட்டம் நிஜமாகவே கனவு மாதிரிதான் இருந்தது. ஓலை இடுக்குகள் வழியே வெயில் காசுகாசாக விழுந்துகொண்டிருந்தது. வாடகை நாற்காலிகள் வரிசையாக நின்றன. வெங்கிடாசலம் விளக்கேற்றினார். அந்தச் சுடரை ஒரு தென்னை ஈர்க்கில் வாங்கி, டிரம்முக்குள் வைத்தார். கைதட்டினார்கள்.

பிறகு புகை வந்தது. சங்கத்தின் சரித்திரத்திலேயே இல்லாத புகை. முதல் வரிசை இரண்டாம் வரிசைக்கு நகர்ந்தது, இரண்டாம் வரிசை ரோட்டுக்கு. எரிப்பதன் தீமைகளைப் பற்றி வெங்கிடாசலம் பேசிக்கொண்டிருந்தார். குரல் மட்டும்தான் தெரிந்தது. வெண்புகை மெலிந்து நீலமானதும் மஞ்சுஷா மூடியைக் கவிழ்த்து, விளிம்பில் சேறு பூசி அடைத்தாள். மூச்சு விட்டவர்கள் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள்.

பேச்சு முடிவதாக இல்லை. கூட்டம்தான் முடிவதாக இருந்தது. பாதிப்பேர் சாயா குடிக்க எழுந்துவிட்டதைப் பார்த்ததும் அவர் அவசரப்பட்டார்.

"இதோ, எரிந்து போகாத சிரட்டை!" என்று துணியைக் கையில் சுற்றிக்கொண்டு மூடியைப் பிடித்தார்.

"மாமா, வேண்டாம்" என்றாள் மஞ்சுஷா.

திறந்தார். உள்ளே ஒரு கணம் எல்லாம் அழகாகத்தான் இருந்தன. சிரட்டைகள் சிரட்டைகளாகவே, கன்னங்கரேலென்று, விளிம்பில் மட்டும் செந்நிறம் ஓடிக்கொண்டு. பிறகு கடல்காற்று உள்ளே குனிந்து பார்த்தது. குப்பென்று பற்றியது. பக்கத்து மரத்தில் கட்டியிருந்த தோரணம் சுருண்டது. யாரோ வாளித் தண்ணீரை ஊற்றினார்கள். நீராவியும் சாம்பலும் எழுந்து ஃப்ளெக்ஸின் மேல் படிந்தன.

சந்து முனையில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. உள்ளேயிருந்து ஒரு முகம் எட்டிப் பார்த்தது. புடவைத் தலைப்பு மூக்குக்குப் போனது. ஆட்டோ அப்படியே திரும்பிப் போயிற்று.

வெங்கிடாசலம் மூடியும் கையுமாக நின்றார். அன்று போட்டோ எடுத்தவன் நல்லவன். அவரிடம் படத்தைக் காட்டவே இல்லை.

மறுநாள் காலை வழக்கம்போல ஓலைகள் விழுந்து கிடந்தன. அவருடைய கை பழக்கத்தில் தீப்பெட்டியைத் தேடியது. பிறகு அரிவாளை எடுத்தது. ஓலையைத் துண்டாக்கினார். தலைவராக இல்லாமல் குனிந்தது வெகுநாளாகிவிட்டதால் முதுகு முனகியது.

மஞ்சுஷா மதிலுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "எதுக்கு மாமா இது?"

"மரத்தடியிலே போட. மட்கினா மட்கட்டும்."

"ஃபங்ஷன் எப்போ?"

"போடி."

பச்சை மட்டையை சஜியின் குட்டி லாரி எடுத்துப்போனது. "கரிஞ்சது ஒண்ணும் இதில் இல்லையே சாரே? நார் வராது, மில்லுல திட்டுவாங்க" என்றான். "இல்லைடா" என்றார், பெருமைப்படாமல் இருக்க முயன்றபடி. சிரட்டை சாக்கில் சேர்ந்தது. காய்ந்த மட்டையில் கொஞ்சத்தை மஞ்சுஷா துண்டுபோட்டு ஊறவைத்தாள். பழுப்புத் தண்ணீரைக் கொட்டிக் கொட்டி, தெளிந்த பிறகே ஆர்க்கிட் தொட்டிக்கு. மீதியை அவர் தென்னையைச் சுற்றிப் பரப்பினார், குழி தரையைப் பார்க்க, முதுகு வானத்தைப் பார்க்க. முதலில் கிண்ணம் கிண்ணமாக மல்லாத்தி வைத்தவர்தான். ஒரு மழையில் அத்தனையும் நிரம்பிக் கொசு பாட ஆரம்பித்ததும், ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டார். டிரம்மின் சாம்பல் வாழைக்குப் போனது. நறுக்கிய ஓலைக் குவியல்மேல் மழை விழாதிருக்க ஃப்ளெக்ஸை விரித்தார். அதில் அவர் முகம் தலைகீழாகக் கிடந்தது. அதன்மேல் தவளை ஒன்று வந்து உட்கார்ந்தது. அவர் விரட்டவில்லை.

கனகாம்பாளுக்குப் போன் செய்யவில்லை. என்ன சொல்வது? விழா இல்லாத செய்தியை எப்படிச் சொல்வதென்று அவருக்குத் தெரியாது.

மழை விட்ட ஒரு காலை. இலைநுனிகளிலிருந்து வெளிச்சம் சொட்டிக்கொண்டிருந்தது. தோட்டத்தில் கண்ணை மூடி நின்றிருந்த அவருக்கு அதே கனவு வந்தது. மாலையும் போட்டோவும் மட்டும் இல்லை. செருப்புச் சத்தம் நெருங்கியது. கனவில் செருப்புச் சத்தம் கேட்டதில்லையே என்று கண்ணைத் திறந்தார்.

கனகாம்பாள் பையோடு நின்றிருந்தாள். மூச்சை இழுத்துப் பார்த்தாள். இன்னொருமுறை, ஆழமாக. இருமல் வரவில்லை.

"மஞ்சுஷா சொன்னா" என்றாள். "நம்பலை. அதான் சொல்லாம வந்தேன்."

அவர் தொண்டையைச் செருமினார். "கனகம், இந்த வேளையிலே நான் ரெண்டு வார்த்தை..."

அவள் கேட்கவில்லை. குனிந்து, மரத்தடியில் மல்லாந்து கிடந்த ஒரு மட்டையைப் பார்த்தாள். அதில் துளி வானமும் மழைத்தண்ணீரும் தேங்கியிருந்தன. தண்ணீரைச் சாய்த்துவிட்டு, மட்டையைக் கவிழ்த்து வைத்தாள்.

"ஒண்ணை விட்டுட்டேள்" என்று சொல்லிவிட்டு அடுக்களைப் பக்கம் நடந்தாள்.