டோஸுக்கு முன்னால்

ரத்தத்துக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது என்ற மாபெரும் உண்மையை மனித குலத்துக்கு வழங்கியவன் அந்த வார்டின் இளம் நர்ஸ்தான். அதனாலேயே அவனுக்கு 'புரொபசர்' என்று பெயர்.

அந்த உண்மையை ஏற்காத ஒரே ஜீவன், கூட வேலை பார்த்த அலாரம் அக்கா. உடம்பில் மருந்தின் அளவு பார்க்க ரத்தம் எடுக்க வேண்டுமென்றால் போனில் அலாரம் வைப்பாள். அடுத்த டோஸுக்குச் சற்று முன் கட்டிலருகே போய் நிற்பாள். ரத்தம் எடுத்து, எடுத்த நேரத்தைச் சோதனைக் குழாயில் எழுதிய பிறகே மருந்தை ஏற்றுவாள்.

"என்னக்கா, ரத்தத்துக்கு நல்ல நேரம் பாக்குறீங்களா?"

"உடம்புல மருந்து அடிமட்டத்துல இருக்கிற நேரம் அதுதான்டா. மிச்சம் போதுமா, கூடிப்போச்சான்னு அப்பத்தான் தெரியும்."

"முன்னப்பின்ன ஆனா கிருமி கோவிச்சுக்குமாக்கும்!"

வார்டே சிரித்தது.

மறுநாள் காலை, இதய வால்வில் கிருமி தொற்றிய பஸ் டிரைவருக்கு புரொபசர் வான்கோமைசின் என்ற கிருமிக்கொல்லி மருந்தை ஏற்றிவிட்டான். பாதி பாட்டில் இறங்கிய பிறகுதான் ரத்தம் எடுக்காதது உறைத்தது. மறு கையில் எடுத்து, குழாயில் 'டோஸுக்கு முன்' என்று எழுதி அனுப்பினான்.

பரிசோதனை முடிவில் மருந்தின் அளவு எகிறியிருந்தது. மருந்து தேங்குகிறது, கிட்னி கெட்டுவிடும் என்று பயந்த டாக்டர் அடுத்த டோஸ்களை நிறுத்தினார். அடங்கிக்கொண்டிருந்த காய்ச்சல் மறுநாள் மாலைக்குள் கொதித்தது. டிரைவர் பிதற்ற ஆரம்பித்தார்.

"தம்பி, நல்லாத்தானே இருந்தாரு? மருந்தை ஏன் நிறுத்துனீங்க?" என்று அவர் மனைவி புரொபசரின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் கையை விடுவித்துக்கொண்டு டாக்டரிடம் போனான்.

டாக்டரோ தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். "கிட்னி ஜம்முன்னு இருக்கு. அப்புறம் மருந்து எப்படிய்யா இவ்ளோ ஏறும்?"

"ஏறல சார்." புரொபசர் முன்னால் வந்து நின்றான். "டிரிப் ஓடிட்டிருக்கும்போது எடுத்தேன். முன்னாடின்னு எழுதிட்டேன்."

டாக்டர் அவனை ஒரு பார்வை பார்த்தார். திட்டியிருந்தால் தேவலாம். "இப்பவே டோஸைப் போடு. பன்னெண்டு மணி நேரத்துக்கு ஒண்ணு, இதுலேர்ந்து நாலாவது டோஸுக்கு முன்னாடி திரும்ப எடு. நடந்ததை அந்தம்மாகிட்ட நானும் நீயும் சேர்ந்து போய்ச் சொல்றோம்."

சொன்னார்கள். அவள் கத்தவில்லை. "பொழைச்சுக்குவாரா?" என்று மட்டும் கேட்டாள்.

நாலாவது டோஸ் ஒரு நாள் விட்டு அடுத்த நாள் காலையில் வந்தது. காய்ச்சல் இன்னும் இறங்கவில்லை. மருந்து பாட்டில் ஸ்டாண்டில் மூடியபடி தொங்கியது. கட்டிலருகே காலிக் குழாயோடு நின்றிருந்த புரொபசரின் சட்டைப்பையில் அலாரம் அடித்தது. அலாரம் அக்கா திரும்பிப் பார்த்தாள்.

மருந்து ஏறாத கையில் ரத்தம் எடுத்தான். சுவர்க் கடிகாரத்தை இரண்டு தடவை பார்த்து நேரத்தை எழுதினான். பிறகுதான் டிரிப்பைத் திறந்தான்.