நாலு இடத்தில் திருத்தம்

ஸ்டுடியோவில் அப்பாவுக்கு வைத்தியர் என்று பட்டப்பெயர். தொங்கும் தாடையைத் தூக்குவார், கண்ணுக்குக் கீழ்க் கருவளையத்தைத் துடைப்பார், தொப்பையை இருந்த இடம் தெரியாமல் கரைப்பார். எல்லாம் கம்ப்யூட்டரில்தான். பதினெட்டு வருஷமாகக் கல்யாண ஆல்பங்களுக்கு இந்த வைத்தியம் பார்த்ததில், ஊரில் அசலான முகம் ஒன்று உண்டு என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

அப்படிப்பட்டவர், பதினைந்து வயது மகள் போனைப் பார்த்துப் பெருமூச்சு விட்டால் மட்டும் பொங்கிவிடுவார். "அதெல்லாம் பொய்ம்மா, எடிட் பண்ணது. எனக்குத் தெரியாதா?" என்பார். அவளுக்கும் தெரியும். தெரிந்தும் மனசு ஏங்குவதுதான் பிரச்சினை என்பது வைத்தியர் மண்டையில் ஏறவில்லை.

அவள் ஒரு படம் போட நாற்பது எடுப்பாள். போட்டுப் பத்து நிமிஷத்தில் லைக் வரவில்லையென்றால் அழித்துவிடுவாள். வகுப்புத் தோழியின் பளிங்குக் கன்னத்தில் அவள் கண் ஒரு கணம் கூடுதலாக நின்றால் போதும், போன் அதைக் கவனித்துக்கொண்டு இன்னும் இருபது பளிங்குக் கன்னங்களைக் கொண்டுவந்து கொட்டும். பிறகு கண்ணாடி முன்னால் நின்று தன் கன்னத்தைக் கிள்ளிப் பார்ப்பாள். சாப்பாட்டில் பாதி தட்டிலேயே கிடக்கும்.

பிள்ளை முகம் வாடினால் எந்த அப்பாவுக்கும் மனசு கேட்காது. இவருக்கும் கேட்கவில்லை. ஆனால் இவருக்குத் தெரிந்த மருந்து ஒன்றே ஒன்று. அவள் பிறந்தநாள் படத்தை ஸ்டுடியோவில் உட்கார்ந்து கமுக்கமாகச் சரிசெய்து, இணையத்தில் தன் பக்கத்தில் போட்டு, அவள் பெயரையும் இணைத்துவிட்டார். முந்நூறு லைக். "தேவதை" என்று எழுதினார்கள். வைத்தியர் உச்சி குளிர்ந்துபோனார்.

திங்கட்கிழமை அவள் பள்ளிக்குக் கிளம்பவில்லை. வயிற்றுவலி என்றாள். செவ்வாயும் அதே வலி. புதனன்று பள்ளியின் மனநல ஆலோசகர் அப்பாவைக் கூப்பிட்டனுப்பினார்.

"போனைப் பிடுங்கிடட்டுமா மேடம்?" என்றார் இவர், உட்காரும் முன்பே.

"பிடுங்கினா ஒளிச்சு வச்சுப் பார்ப்பா, உங்ககிட்ட எதுவும் சொல்லமாட்டா. எதிர்ல நின்னு விசாரிக்காதீங்க. பக்கத்துல உட்கார்ந்து, ஏதாவது வேலை செஞ்சுக்கிட்டே கேளுங்க. எதைப் பார்த்தா மனசு கஷ்டமா இருக்குன்னு கேளுங்க. பதில் வர்றவரைக்கும் பொறுங்க. 'நீ அழகுதான், விடு'ன்னு பேச்சை மூடிடாதீங்க. போன்ல எந்தப் பக்கங்களைப் பார்க்கறதை நிறுத்தலாம்னு அவளே முடிவு பண்ணட்டும். சாப்பாடு, தூக்கம், பள்ளிக்கூடம் எல்லாம் இப்படியே ரெண்டு வாரம் போச்சுன்னா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க."

அப்பா அத்தனையையும் ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும், பக்கத்தில் உட்காரச் சொன்னதை மட்டும் விட்டுவிட்டு, கதவருகில் நின்று, "உன் உணர்வுகளை என்னோடு பகிர்ந்துகொள்ளலாம்" என்று செய்தி வாசித்தார்.

"யாருப்பா எழுதிக் குடுத்தது?"

அப்பா முகத்தில் அசடு வழிந்தது. சீட்டை மடித்துப் பையில் வைத்துவிட்டு அவளை, ஸ்டுடியோ படங்களும் இருக்கும் வீட்டுக் கம்ப்யூட்டர் முன் உட்காரவைத்தார். பக்கத்தில் தானும் உட்கார்ந்து, ஒரு மணப்பெண்ணின் படத்தைத் திறந்து, தான் செய்த திருத்தங்களை ஒவ்வொன்றாக நீக்கிக் காட்டினார். "பார்த்தியா? எல்லார் படமும் இப்படித்தான்."

"என் பிறந்தநாள் படத்தைத் திறங்க."

அவர் கை மௌஸிலேயே நின்றது. வேறு வழியில்லாமல் திறந்தார். முதல் திருத்தத்தை நீக்கியதும் கன்னத்தில் பருக்கள் வந்தன. அடுத்ததில் தாடை அகன்றது. மூன்றாவதில் மூக்கு பழையபடி ஆனது. நான்காவதில் நிறம் ஒரு படி இறங்கியது.

அவள் திரையில் மூக்கைத் தொட்டுக் காட்டினாள்.

"பருவைப் பத்தித்தான் எனக்குக் கவலை இருந்துச்சு. மூக்கைப் பத்தி நான் நினைச்சதே இல்லப்பா. நேத்து முழுக்க கண்ணாடியில அதைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன். கிளாஸ்ல ஒருத்தர்கூட இதுவரைக்கும் என் மூக்கைப் பத்தி எதுவும் சொன்னதில்ல. முதல்ல சொன்னது நீங்கதான்."

'இல்லம்மா, நீ அழகுதான்' என்பது அப்பாவின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினார்.

"ஆமா," என்றார். "உன்னைக் கேட்காம செஞ்சது என் தப்பு. உன் கவலையைப் பார்க்கச் சகிக்கல, அதான் முகத்தைத் திருத்தினேன். அந்தப் படத்தை இப்பவே எடுத்துடுறேன்."

எடுத்தார். முந்நூறு லைக்கும் போயிற்று.

"பள்ளிக்கூடம் போறதுல எதும்மா பயமா இருக்கு?" என்று கேட்டுவிட்டு, பொறுத்திருந்தார்.

பிறகு அவள் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "எல்லாரும் அந்தப் படத்துல இருந்த பொண்ணை எதிர்பார்த்துக்கிட்டிருப்பாங்க. நான் போய் நின்னா, இந்த முகத்தைத் திருத்தணும்னு உங்களுக்குத் தோணினதுதானேப்பா அவங்களுக்கும் தோணும்?"