நாட் அவுட் கயல்

மாவட்டப் பெண்கள் அணியில் ஒரே ஒரு பேட்டருக்கு இடம் காலி. போட்டி எனக்கும் கயலுக்கும். உத்தமபாளையத்தில் இருவருக்கும் ஒரே கல்லூரி, ஒரே பெஞ்ச். இடம் கிடைக்காவிட்டால் மட்டையைப் பரணில் போட்டுவிட்டுக் தன் கடைக்கு வரச் சொல்லியிருந்தார் என்னைப் பெற்ற அத்தா.

தேர்வு செய்பவர் பயிற்சியாளர் வைகுண்டராஜ் சார். கைபேசியைப் பார்த்தபடியே சொன்னார்.

"கயலு ஆவரேஜ் அறுபது. அப்ரின், உனக்குப் பதினெட்டு. பேச என்னத்தா இருக்கு?"

எனக்கு இருந்தது. "ஸ்டிரைக் ரேட்டையும் வாசிங்க சார்."

வாசித்தார். நூறு பந்துக்கு அவள் ஐம்பது ரன், நான் நூற்று முப்பத்தைந்து.

ஆவரேஜ் என்பது ரன்னை அவுட்டான தடவையால் வகுப்பது. ஆறு ஆட்டத்தில் கயல் நூற்றிருபது எடுத்து இரண்டே முறை அவுட். நான் நூற்றெட்டு எடுத்து ஆறிலும் அவுட். அதில் நான்கு ரன் அவுட், நான்கிலும் எதிர்முனையில் அவள். "வா" என்பாள், நான் பாதி வழி வந்ததும் "வேணாம்" என்பாள். அவுட் என் தலையில், அவள் மகாராணியாக நாட் அவுட். அதைத்தான் அறுபது என்கிறார்கள்.

சொன்னேன். சார் அசையவில்லை.

"உன் நூத்தெட்டுல எழுபது ஒரே ஆட்டத்துல அடிச்சது. அன்னைக்குப் பந்து போட்டது அப்பத்தான் மொத தடவையா பந்தைத் தொட்ட புள்ளைக."

அதுவும் உண்மைதான்.

"ரெண்டு பேரும் சேர்ந்து ஆடுங்க, பாப்போம்" என்றார்.

பயிற்சி ஆட்டம் கடைசிப் பந்துவரை வந்தது. ஜெயிக்க இரண்டு ரன். கயல் எல்லைக்கோட்டுப் பக்கம் தட்டினாள். ஒன்று ஓடி முடித்தோம். பந்து ஆள் கைக்குப் போய்விட்டது.

"வா" என்றாள்.

இந்த முறை அவள் பாதி வழி வந்துவிட்டாள். நான் நின்றுவிட்டால் அவள்தான் அவுட். அறுபதுக்கு அன்றைக்கே பால் ஊற்றியிருக்கலாம். பாழாய்ப்போன கால் ஓடிவிட்டது. பந்து என் பக்கம்தான் வந்தது. மண்ணில் விழுந்து, முழங்கை தேய, மட்டையைக் கோட்டுக்குள் வைத்தேன். ஜெயித்தோம். இரண்டு ரன்னும் கயல் கணக்கில். எனக்குச் சிராய்ப்பு.

சார் கைபேசியைச் சட்டைப்பையில் போட்டார். "மாவட்ட டீமுக்கு அப்ரின் போகட்டும். அந்த ஓட்டம் எந்தக் கணக்குலயும் ஏறாது. நான் பாத்தேன்."

கயல் என் முழங்கையில் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். முகம் உப்பியிருந்தது.

"நாலு தடவ உன்னைய அவுட்டாக்குனேன்ல" என்றாள்.

"ஆமாடி. மறப்பேனா?"

"மத்தவளுக நான் கூப்பிட்டா நகரவே மாட்டாளுக. நீ வருவேன்னுதான் கூப்பிட்டேன். அங்கன உன்னைய யாருடி கூப்பிடுவா?"

"நிம்மதியா இருப்பேன்" என்றேன். முழங்கையைவிட அதைச் சொன்னதுதான் வலித்தது.