எட்டாம் நாள் படம்

அந்தச் சோதனையில் எட்டாம் நாளுக்குப் படமே கிடையாது. பதினோரு வருடமாகக் கருவிக்கூடத்தைக் கட்டிக்கொண்டு அழுகிற எனக்குத் தெரியாதா? எதைப் படம் பிடித்தாலும் கருவி தேதியோடு மூலக்கோப்பைச் சேமித்துவிடும். அந்தத் தேதியில் ஒன்றுமில்லை. "மாதிரி கெட்டுவிட்டது, படம் எடுக்கவில்லை" என்று ஆய்வு மாணவியின் குறிப்பேட்டிலும் இருக்கிறது. ஆனால் அவளும் பேராசிரியரும் சேர்ந்து வெளியிட்ட கட்டுரையில் எட்டாம் நாள் படம் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

அது மூன்றாம் நாள் படத்தையே இடவலமாகத் திருப்பிக் கறுப்பேற்றியது என்று எங்கிருந்தோ ஒரு வாசகர் கண்டுபிடித்து எழுதிவிட்டார். மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு கூடியது; என்னையும் சாட்சியாகக் கூப்பிட்டார்கள். மாணவியின் ஐந்து வருட உழைப்பும் பட்டமும் அவர்கள் கையில்.

"படத்தை அடுக்குனது அவதான். ஏதோ கைப்பிசகு" என்றார் பேராசிரியர்.

"நான் பென்டிரைவ்ல உங்ககிட்ட குடுத்தப்ப எட்டாம் நாள் கட்டம் காலியா இருந்துச்சு சார்" என்றாள் மாணவி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பிசகுன்னா தப்பான படம் வந்து உக்காரும். தானா இடவலமா திரும்பிக்குமா? கறுப்பு ஏத்திக்குமா? எடுக்காத படத்தை எடுத்ததா காட்டியிருக்கு. அடையாளம் தெரியாம இருக்கத்தான் திருப்பியிருக்கு."

குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா, போன வருஷமும் இந்தப் பொண்ணு ஒரு படத்துக்குத் திருத்தம் போட்டுச்சே?"

போட்டாள். பக்கத்துப் பக்கத்துப் பெயருள்ள கோப்புகளில் ஒன்றை மாற்றி வைத்துவிட்டாள். அவளே கண்டுபிடித்தாள். மூலக்கோப்பு பத்திரமாக இருந்தது, சரியான படத்தை வைத்தும் முடிவு மாறவில்லை. "மறைக்காதே, இதழுக்கு எழுது" என்று சொன்னவளே நான்தான்.

"அதுதான் சார் பிசகு. இது மோசடி."

"ரெண்டும் படக்கோளாறுதானே" என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க மூன்று பேர் போதும்.

தீர்ப்பு வந்தது. பேராசிரியருக்கு மேற்பார்வையில் கவனக்குறைவு, ஓர் எச்சரிக்கை. மாணவிக்குப் படத் திரிப்பு, 'முன்பும் இதே பழக்கம்', ஆய்வுப் பதிவு ரத்து. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். சாவியை ஒப்படைக்க வந்தவள் என்னை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அடுத்த வாரம் பக்கத்து ஆய்வகத்துக்காரி வந்தாள், என் வயதுக்காரி. கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள். "போன மாசம் வந்த கட்டுரையில ஒரு படம் மாறிப்போச்சுடி. இப்பதான் பாத்தேன். முடிவுக்கு ஒண்ணும் பாதகமில்ல. இதழுக்கு எழுதிடவா?"

எழுது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"வேற யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டேன்.