மிக்க பணிவன்புடன்

நேர்முகத் தேர்வு முடிந்து இருபது மணி நேரம் ஆகியிருந்தது. நன்றி மடலை இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் அனுப்பிவிட வேண்டும் என்பது கோச்சின் கட்டளை. கோச் என்பவன் அவளுடைய கணவனின் தம்பி. மூன்று ஆண்டுகளில் நான்கு வேலைகளை விட்டு வந்தவன். அந்த அனுபவத்தை வைத்து, வேலை கிடைப்பது எப்படி என்று இணையத்தில் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தான்.

சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்திருந்தாள் அவள். மருந்துகளை வைக்கும் குளிர்பதனக் கிடங்கு ஒன்றில் பதினொரு வருஷம் கண்காணிப்பாளராக இருந்தவள். கிடங்கை மூடிவிட்டார்கள். ஏழு மாதமாக வீட்டில் இருக்கிறாள். ஒன்பது இடங்களுக்கு விண்ணப்பம் போட்டதில் கூப்பிட்டுப் பேசியது இந்த ஒரு இடம்தான். இதுவும் போனால் இந்த வயதில் வேறு யார் கூப்பிடப்போகிறார்கள் என்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. கண்ணாடி பார்க்கும்போது மட்டும் அது தானாக ஞாபகம் வந்தது.

"அண்ணி, மெயில்ங்கறது மெயில் இல்ல. அது ஒரு கைகுலுக்கல்" என்று ஆரம்பித்தான் கோச். "நான் அனுப்பின மாதிரி மடல் இருக்குல்ல, அதை அப்படியே போடுங்க."

அவள் சத்தமாகப் படித்தாள். "'தங்கள் நிறுவனத்தின் கனவும் என் கனவும் ஒரே தலையணையில் உறங்குபவை.' ஏன்டா, அந்த மேனேஜரம்மாவுக்கும் எனக்கும் எதுக்குடா ஒரே தலையணை?"

"அது ஃபீலிங், அண்ணி. நூத்தைம்பது பேர் இதை டவுன்லோட் பண்ணியிருக்காங்க."

"அதுல எத்தனை பேருக்கு வேலை கிடைச்சுது?"

கோச் திடீரென்று ஒரு அவசர அழைப்பு வந்தவன்போல கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறினான். கைபேசி அணைந்து கிடந்ததை அவள் பார்த்தாள். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அவளே எழுத உட்கார்ந்தாள். விரல்கள் ஓடின. நிறுத்திப் படித்துப் பார்த்தாள்.

'எந்தப் பணியானாலும் ஏற்கத் தயாராக இருக்கிறேன். எனக்கு ஒரு வாய்ப்பு மட்டும் தந்து பாருங்கள்.'

இந்த வாக்கியம் அவளுடையது அல்ல. யாருடையது என்று அவளுக்குத் தெரியும்.

எட்டு வருஷத்துக்கு முன் பழைய கிடங்கில் ஒரு உதவியாளர் இடம் காலியானது. நேர்முகத்தில் கேள்வி கேட்க உட்கார்ந்திருந்தவர்களில் அவளும் ஒருத்தி. பிளாஸ்டிக் உறையில் சான்றிதழ்களோடு ஒருவர் வந்தார். புதுச் செருப்பு, அடிக்கு ஒரு கீச். போன பிறகு ஐந்து மடல் அனுப்பினார். முதலாவதில் நன்றி. இரண்டாவதில் முதலாவது வந்து சேர்ந்ததா என்ற சந்தேகம். மூன்றாவதில் எந்தப் பணியானாலும் தயார். நான்காவதில் மூன்றாவதுக்கு மன்னிப்பு. எல்லாவற்றின் அடியிலும் 'மிக்க பணிவன்புடன்'. அவருக்குப் பணிவன்பு என்று பேர் வைத்ததே அவள்தான். மதிய இடைவேளையில் குரலை இழுத்து அவள் வாசித்துக் காட்டினால், சோற்றுக்குப் புரையேறும் அளவுக்கு எல்லோரும் சிரிப்பார்கள்.

ஐந்தாவது ஒரே வரி. 'பதில் வேண்டாம், படித்தீர்கள் என்று தெரிந்தால் போதும்.'

அதையும் வாசித்துக் காட்டினாள். பதில் போடவில்லை.

இப்போது அந்த மனிதர் அவளுடைய விரல்களுக்குள் குடிவந்து உட்கார்ந்திருந்தார். ஒரு வரியை அழித்தால் அடுத்த வரியில் எட்டிப் பார்த்தார். 'தங்கள் பொன்னான நேரத்தை.' அழித்தாள். 'என் குடும்பச் சூழ்நிலையை.' அழித்தாள். நேற்று அந்த அலுவலகத்தின் நீண்ட நடைவழியில் தனக்குப் பின்னால் கீச் கீச்சென்று யாரோ வருவது கேட்டு இரண்டு முறை திரும்பிப் பார்த்ததும் நினைவுக்கு வந்தது. யாருமில்லை. நேர்முகத்துக்கென்று வாங்கிய அவளுடைய சொந்தச் செருப்புதான்.

கணவன் எட்டிப் பார்த்தான். "என்ன, ஒரு வரிகூட இல்ல? காலையிலேர்ந்து தட்டிக்கிட்டே இருந்தியே?"

"தட்டினது நான் இல்ல."

"சரிதான்" என்று அவன் தேநீரை வைத்துவிட்டு நகர்ந்தான். இருபது வருஷத்தில் எப்போது நகர வேண்டும் என்பதை மட்டும் நன்றாகக் கற்றிருந்தான்.

தேநீர் ஆறும்வரை திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கெஞ்சுவதை எல்லாம் எடுத்துவிட்டால் சொல்ல என்ன மிச்சம் இருக்கிறது? அப்போதுதான் உறைத்தது. நேற்று மேலாளர் அம்மா கேட்ட ஒரு கேள்விக்கு அவள் பாதிப் பதில்தான் சொல்லியிருந்தாள். எழுதினாள்:

'நேற்று என்னுடன் பேச நேரம் ஒதுக்கியதற்கு நன்றி. குளிர் அறையின் வெப்பநிலைப் பதிவில் இரண்டு மணி நேரம் விடுபட்டிருந்தால் என்ன செய்வேன் என்று கேட்டீர்கள். இரண்டாவது கருவியின் பதிவைப் பார்ப்பேன் என்றேன். அதற்கு முந்தைய படியைச் சொல்லத் தவறிவிட்டேன். முதலில் அந்தச் சரக்கைக் குளிரிலேயே தனியாக ஒதுக்கி, "நிறுத்தி வைக்கப்பட்டது" என்று தாள் ஒட்டுவேன். தரப் பிரிவின் முடிவு வரும்வரை ஒரு பெட்டியும் வண்டி ஏறாது. பதினொரு ஆண்டுகள் இதைச் செய்திருக்கிறேன்; நீங்கள் தொடங்கவிருக்கும் மருந்துப் பிரிவுக்கு இந்தப் பழக்கம் பயன்படும் என்று நினைக்கிறேன். வேறு விவரம் தேவைப்பட்டால் தெரிவியுங்கள்.'

அடியில் நன்றி, பெயர், கைபேசி எண். திரும்பப் படித்தாள். தலையணை இல்லை. குடும்பம் இல்லை. அனுப்பிவிட்டு மடிக்கணினியை மூடினாள். மறுபடி மடல் போடும் ஆசை மூன்று நாள் அவளைப் பிறாண்டியது. மடல் பெட்டியைத் திறந்து பார்த்தாள், மூடினாள், ஆனால் எழுதவில்லை.

நான்காம் நாள் பதில் வந்தது. 'வியாழன் பத்து மணிக்கு வாருங்கள். அந்த முந்தைய படியைப் பற்றிப் பேசுவோம்.'

வியாழனன்று மேலாளர் அம்மா நேராக விஷயத்துக்கு வந்தார். "மொத்தம் அஞ்சு பேர் மெயில் போட்டிருந்தாங்க. அதுல மூணு பேர் என்கூட ஒரே தலையணையில தூங்கணும்னு எழுதியிருக்காங்க. என்ன இது, ஏதாவது புது வியாதியா?"

அவள் இருமிச் சமாளித்தாள். குடும்ப ரகசியம் என்று ஒன்று இருக்கிறதல்லவா.

வேலை கிடைத்துவிட்டது. வீட்டில் கோச் தன் வகுப்பின் வெற்றிப் பட்டியலில் அவளைச் சேர்த்துக்கொண்டான்.

இரண்டாவது வாரம் அவளுக்குக் கீழே ஒரு உதவியாளரை எடுக்க நேர்முகம் நடந்தது. தேர்வான பையனுக்குக் கடிதம் போன மறுநாள், மனிதவளத் துறைக்காரர் கைபேசியோடு அவளுடைய மேசைக்கு வந்தார். நேர்முகத்துக்கு வந்தவர்களில் ஒரு நடுவயதுக்காரர் நன்றி மடல் போட்டிருந்தாராம்.

"மேடம், இதைக் கேளுங்க, வயிறு வலிச்சுடும்" என்று குரலை இழுத்தார். "'எந்தப் பணியானாலும் ஏற்கத் தயாராக இருக்கிறேன்... மிக்க பணிவன்புடன்.' எப்படி?"

அவள் சிரிக்கவில்லை. "பேர் என்ன?"

அவர் ஒரு பெயரைச் சொன்னார். அவள் யோசித்துப் பார்த்தாள். இது அந்த மனிதரா, வேறொருவரா? முகம் மங்கியிருந்தது. பெயர் எப்போதாவது தெரிந்திருந்ததா? தான் வைத்த பட்டப்பெயர் ஒன்றுதான் நினைவில் இருந்தது. நேர்முகத்தன்று மேசைக்கு எதிரே அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தவரின் செருப்பை அவள் கவனித்திருக்கவில்லை.

"இவருக்கு என்ன பதில் போட்டீங்க?"

"கிடைக்காதவங்களுக்குப் பதில் போடற வழக்கமே இங்க இல்லையே, மேடம்."

"அதை எனக்கு அனுப்புங்க."

அவர் தோளைக் குலுக்கிவிட்டுப் போனார். அவள் எழுதினாள். இந்த இடத்துக்கு வேறொருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டோம். கிடங்கு வேலையை நீங்கள் விளக்கிய விதம் தெளிவாக இருந்தது. உங்கள் மடலை முழுவதும் படித்தேன்.

கடைசி வரிக்கு வந்ததும் நடைவழியில் யாரோ கடந்து போனார்கள். கீச், கீச். அவளுடைய செருப்பு மேசைக்கு அடியில் கழற்றிக் கிடந்தது. அவள் நிமிரவில்லை. விரல்கள் தாமாகவே 'மிக்க பணிவன்புடன்' என்று அடித்து முடித்திருந்தன.

இம்முறை அவள் அதை அழிக்கவில்லை.