நாற்பத்தோராம் பக்கத்தின் இரண்டாவது வாக்கியம்

அதிகாரியே போன் பண்ணிப் பாராட்டியதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. நகர மன்றக் கட்டடத்தைப் பராமரிக்கும் அலுவலகத்தின் தலைவர் அவர். கட்டடங்களைச் சோதித்து அறிக்கை கொடுக்கும் எங்கள் நிறுவனத்தில் அவருக்கு 'ஒருபக்கம்' என்று பெயர். எத்தனை தடி அறிக்கை கொடுத்தாலும் முன்னால் இருக்கும் நிர்வாகச் சுருக்கத்தை மட்டும் படிப்பார். அதுவும் ஒரு பக்கத்தைத் தாண்டினால் ஓரமாக வைத்துவிடுவார்.

"ரொம்பத் தெளிவா எழுதியிருக்கீங்கம்மா. கார்ல வரும்போதே படிச்சு முடிச்சிட்டேன். சோதனைக்காகப் பூட்டி வச்சிருந்த பால்கனியை நேத்தே திறந்துவிடச் சொல்லிட்டேன்" என்றார்.

"ரொம்ப நன்றி சார்" என்றேன். போனை வைத்ததும் அடக்க முடியாமல் பக்கத்து மேஜைக்காரரிடம் சொன்னேன். அவர்தான் அந்த மன்றத்தை ஐந்து நாள் ஏணி ஏறிச் சோதித்த பொறியாளர். எதைக் கண்டாலும் தட்டிப் பார்ப்பதால் அவர் எங்களுக்குச் 'சுத்தியல்'. தேநீர்க் கோப்பை அவர் வாய்க்குப் போகாமல் பாதியிலேயே நின்றது.

"எதைத் திறந்துட்டாங்க?"

"பால்கனியை."

"அதைப் பூட்டி வைக்கணும்னுல்ல எழுதிக் கொடுத்தேன்!"

என் மேஜையிலிருந்து அறிக்கையைப் பிடுங்காத குறையாக எடுத்து நாற்பத்தோராம் பக்கத்தை விரித்து முன்னால் போட்டார். முதல் வாக்கியம் எனக்கு மனப்பாடம். 'பால்கனியைத் தாங்கும் பன்னிரண்டு இரும்பு விட்டங்களும் கருவி வைத்துச் சோதிக்கப்பட்டதில் பெரும்பாலானவை நல்ல நிலையில் உள்ளன.' இரண்டாவது வாக்கியத்தை அன்றுதான் முதன்முதலாகப் படித்தேன். 'எனினும் கிழக்குப் பக்கத்து மூன்று விட்டங்கள், மழைநீர்க் கசிவால் துருப்பிடித்து, சுவரை ஒட்டிய இடத்தில் கனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழந்துள்ளதால், பழுதுபார்க்கும் வரை பால்கனியில் ஆட்களை ஏற்றக்கூடாது.'

என் லட்சணத்தைச் சொல்லிவிடுகிறேன். அறிக்கைகளைத் திருத்தி, முன்பக்கங்களை எழுதுவதுதான் என் வேலை. அறிக்கை வந்து சேருவதே கடைசி நாளில். எழுபது பக்கத்தை எப்போது படிப்பது? ஒவ்வொரு அத்தியாயத்தின் முதல் வாக்கியத்தையும் வெட்டி எடுத்துக் கோத்து நிர்வாகச் சுருக்கம் ஆக்கிவிடுவேன். அதில் பாதியை இன்னும் சுருக்கினால், மற்றப் பொறியாளர்கள் தேடிப் படிக்கும் பொருட்சுருக்கமும் தயார். கெட்டிக்காரத்தனம் என்று எனக்குள் ஒரு நினைப்பு வேறு.

எங்கள் முதலாளிக்கோ எடுத்த எடுப்பில் அபசகுனமாக எதுவும் இருக்கக்கூடாது. "நல்லதைச் சொல்லி ஆரம்பிங்கப்பா, கெட்டதை அப்புறம் மெதுவாச் சொல்லலாம்" என்பார். ஆகவே எல்லா அத்தியாயமும் நல்ல சேதியில் தொடங்கும், கெட்டது இரண்டாவது வாக்கியத்தில் வரும். நான் முதல் வாக்கியங்களை மட்டும் பொறுக்கியிருக்கிறேன். கோத்த ஒவ்வொன்றும் உண்மை. மொத்தமாகப் படித்தால் பச்சைப் பொய்.

"நீங்களாவது என் சுருக்கத்தைப் படிச்சிருக்கக்கூடாதா?" என்று சுத்தியலிடம் எரிந்து விழுந்தேன்.

"உள்ளே இருக்கிறதுதான் எனக்குத் தெரியுமே, அதை எதுக்கு நான் படிக்கணும்?" என்றார் அவர். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

அப்போதுதான் காலையில் நடந்தது நினைவுக்கு வந்தது. என் மகளுக்கு உயரம் என்றால் பயம். "பாட்டு ஒத்திகைக்கு எங்களை மன்றத்து பால்கனியில நிக்கச் சொல்லியிருக்காங்கம்மா" என்று சாப்பிடாமல் அடம்பிடித்தாள். "அசடு, அந்த பால்கனியைப் பத்தி எழுதினதே அம்மாதான். ஒண்ணும் ஆகாது" என்று தலைவாரி அனுப்பினேன். ஒத்திகை பத்து மணிக்கு. சுவர்க் கடிகாரத்தில் பத்தே கால்.

மகளின் ஆசிரியைக்குப் போட்டேன், எடுக்கவில்லை. சுத்தியல் மன்றத்துக் காவலாளியைப் பிடித்தார். "நேத்து திறக்கச் சொன்னாங்க, இன்னைக்கு மூடுன்றீங்க. பெரிய ஆபீஸர் சொன்னாத்தான் சார் நான் பிள்ளைகளை இறக்குவேன்" என்றான் அவன். ஒருபக்கத்தின் உதவியாளரோ, "சார் கூட்டத்துல இருக்கார். மெசேஜ் போடுங்க, போனைப் பார்த்துக்கிட்டுதான் இருப்பார். சுருக்கமா போடுங்க" என்றார்.

சுருக்கமாக! சுத்தியலோடு டாக்சியில் ஏறிக்கொண்டே தட்டினேன். பழக்கதோஷம், விரல் 'மதிப்பிற்குரிய ஐயா, தாங்கள் அறிந்தபடி' என்று போனது. எனக்கே என் கன்னத்தில் அறையத் தோன்றியது. அழித்தேன். அடுத்து 'ஆய்வின்போது' என்று ஆரம்பித்தது. அதையும் அழித்தேன். படிப்பவர் முதல் வரியோடு நிறுத்திவிட்டால் அந்த வரியில் எது இருக்க வேண்டும்?

'பால்கனியிலிருந்து பிள்ளைகளை இப்போதே இறக்கச் சொல்லுங்கள். மூன்று விட்டங்கள் துருவால் மெலிந்துவிட்டன. பாரம் தாங்கும் என்று உறுதி சொல்ல முடியாது. பழுது முடியும்வரை பூட்டிவையுங்கள். சுருக்கத்தில் இதை விட்டது என் தவறு.'

அனுப்பினேன். அரை நிமிடத்தில் போன் அடித்தது.

"இறக்கச் சொல்லிட்டேன்" என்றார் ஒருபக்கம். "இதை ஏன்மா முன்னாடியே சொல்லல?"

"சொல்லியிருக்கோம் சார். நாற்பத்தோராம் பக்கத்துல."

சொன்ன பிறகுதான் அந்தப் பதிலின் அசிங்கம் எனக்குப் புரிந்தது. அவர் போனை வைத்துவிட்டார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது படிக்கட்டில் பிள்ளைகள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். சுத்தியல் வாசலிலிருந்தே, "ஓடாதீங்க, குதிக்காதீங்க, வரிசையா வாங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினார். அறுபது பேர். என் மகள் கிட்டத்தட்ட கடைசியில், கைப்பிடியைவிட்டு விரலெடுக்காமல் வந்தாள். அவளைக் கட்டிக்கொண்டு, இத்தனை பேர் பார்க்கிறார்களே என்ற வெட்கமில்லாமல் அழுதேன். பால்கனி மேலே சும்மா நின்றது. ஒரு துகள்கூட விழவில்லை. கிழக்கு ஓரத்தில் விட்டங்கள் புதைந்த சுவரில் மட்டும் பழுப்பு நிறத்தில் நீர்க்கோடுகள் இறங்கியிருந்தன.

"அம்மா, நீதானே எழுதினேன்னு சொன்னே?" என்றாள்.

குற்றம் சொல்லவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள். அதுதான் தாங்க முடியவில்லை.

"எழுதினேன். ஆனா படிக்கல" என்றேன்.

மதியம் சுத்தியலைப் பக்கத்தில் உட்காரவைத்து, எழுபது பக்கத்தையும் வரிவரியாகப் படித்து முடித்த பிறகே பேனாவைத் தொட்டேன். நிர்வாகச் சுருக்கத்தின் முதல் வரியிலேயே செய்ய வேண்டியதைச் சொன்னேன். பிறகு ஏன், எவ்வளவு நாள் ஆகும், எவ்வளவு செலவாகும், எதை நாங்கள் சோதிக்கவில்லை. பொருட்சுருக்கம் நாளை இதைத் தேடி வரும் பொறியாளருக்கு. அதில் எதற்காகச் சோதித்தோம், எப்படி, என்ன கண்டோம், அதற்கு என்ன அர்த்தம் என்று நூற்றைம்பது சொற்கள். மூன்று விட்டங்களும் இரண்டிலும் இருந்தன. முதலாளி பார்த்துவிட்டு, "ஆரம்பமே இப்படியா?" என்றார். நான் நிமிர்ந்து பார்த்த பார்வையில் அறைக்குள் போய்விட்டார்.

எல்லாம் முடிந்தது என்று நாற்காலியில் சாயும்போது எதிரே இருந்த அலமாரி கண்ணில் பட்டது. ஆறு வருடத்தில் நான் முன்பக்கம் எழுதிக் கொடுத்த அறிக்கைகள், முப்பத்தொன்று. எல்லாம் இதே வெட்டிக் கோத்த வேலைதான். ஒரு நீர்த்தொட்டி, ஒரு நடைமேம்பாலம், ஒரு மருத்துவமனையின் மின்தூக்கிகள்.

சுத்தியல் என் முகத்தைப் பார்த்தார், அலமாரியைப் பார்த்தார். எழுந்து போய் ஓரத்தில் இருந்த முதல் அறிக்கையை எடுத்துவந்து பிரித்தார். முதல் அத்தியாயத்தின் முதல் வாக்கியத்தை அவர் படிக்கவில்லை. விரலை இரண்டாவது வாக்கியத்தில் வைத்தார். அது 'எனினும்' என்று தொடங்கியது.

நான் போனைக் கையில் எடுத்தேன்.